‘YES’ மட்டும்தான் சம்மதமா?

ஒரு பல் மருத்துவமனையிலிருந்து மாலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் செய்தி போகிறது என்று வைத்துக்கொள்வோம். “நாளை புதன்கிழமை காலை 10.30 மணிக்கு டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்திருக்கிறீர்கள். உறுதி செய்ய YES என்றும், ரத்து செய்ய NO என்றும் பதில் அனுப்பவும்.” இதை அனுப்புவது மனிதர் இல்லை, மறுநாள் பட்டியலைப் பார்த்துத் தானாகவே செய்தி அனுப்பும் சாட்பாட். நாற்பது பேருக்குப் போனால் நாற்பது பேரும் YES, NO என்று எழுதுவார்களா? “Yes”, “yes.”, “Y”, “ok”, “okkk”, “S”, “seri sir”, “ஆமா”, “சரிங்க”, “வர்றோம்”, ஒரு கட்டைவிரல் எமோஜி, ஒரு கும்பிடு எமோஜி, ஒரு குரல் பதிவு, “ok but 11 maniku vara mudiyuma” என்று ஒரு நீண்ட வரி, இப்படித்தான் பதில்கள் வரும்.

இந்தப் பதில்களை வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் பிரித்து வைத்துவிடுவார். இவர் வருகிறார், இவர் வரவில்லை, இவருக்குப் போன் போட வேண்டும். ஆனால் YES என்ற மூன்றெழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்த சாட்பாட், மற்ற எல்லோருக்கும் “மன்னிக்கவும், புரியவில்லை. YES அல்லது NO என்று மட்டும் பதிலளிக்கவும்” என்று திருப்பி அனுப்பும். “ok” என்று அனுப்பியவர் அதற்குள் போனை உள்ளே வைத்திருப்பார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது, நாளை 10.30 அவருடையது. மருத்துவமனைப் பட்டியலிலோ அவர் பெயருக்கு நேரே ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று நிற்கிறது. இரவு அந்த நேரம் இன்னொருவருக்குப் போகிறது. காலையில் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தின் வேர் மிகச் சிறியது. கணினி இரண்டு சொற்களை ஒப்பிடும்போது பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்துகளுக்குரிய எண்களைப் பார்க்கிறது. பெரிய Y-யின் எண் 89, சின்ன y-யின் எண் 121. ஆகவே, சொல்லிக்கொடுக்காதவரை, “YES”, “yes” இரண்டும் கணினிக்கு வெவ்வேறு. கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் வேறு, ஒரு முற்றுப்புள்ளி இருந்தாலும் வேறு.

அந்த இடைவெளியையும் புள்ளியையும் பெரும்பாலும் பயனர் போடுவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கைபேசி விசைப்பலகை வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிதாக்குகிறது. மேலே காட்டும் பரிந்துரையைத் தொட்டுச் சொல்லை முடித்தால் பின்னால் ஓர் இடைவெளியைத் தானே சேர்க்கிறது. இடைவெளியை இரண்டு முறை தட்டினால் பல போன்களில் அது முற்றுப்புள்ளியாகிவிடுகிறது. அதாவது “Yes. ” என்று வருவது கருவியின் பழக்கம். அதற்காக நோயாளியைத் திருத்தச் சொல்வது அநியாயம்.

எனவே முதல் வேலை, வந்த பதிலைக் கழுவித் துடைத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்க வேண்டும். புள்ளி, காற்புள்ளி, ஆச்சரியக்குறியை எடுத்துவிடலாம். ஆனால் கேள்விக்குறியை எடுக்கக் கூடாது. “ok” சம்மதம், “ok?” என்பது அவர் நம்மிடம் கேட்கும் கேள்வி. “சரியா?” என்று கேட்பவரை ‘சரி’ என்று சொன்னவராகப் பதிந்தால் அது பிழை. கட்டைவிரல் எமோஜியிலும் ஒரு சங்கதி உண்டு. தோல் நிறத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் கட்டைவிரலுக்குப் பின்னால் நிறத்துக்கான தனிக் குறியீடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். திரையில் ஒரே படமாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது இரண்டு குறிகள். அந்த இரண்டாவதை உரித்தெடுத்தால்தான் எல்லாக் கட்டைவிரலும் ஒன்றாகும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு படி இருக்கிறது. “வர்றோம்” என்பதில் உள்ள ‘றோ’வை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இவற்றை ஒரே வடிவமாக்க என்.எஃப்.சி. என்ற வழக்கமான யூனிகோடு சீராக்கம் இருக்கிறது, பெரும்பாலான நிரல்மொழிகளில் தயாராகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்த நிரலாளர் இதை விட்டுவிடுவார். அதனால் தமிழில் தட்டச்சிடும் சிலருடைய பதில் மட்டும் காரணமே தெரியாமல் நிராகரிக்கப்படும்.

அடுத்தது நீட்டி எழுதுவது. “okkkk”, “yesss”, “aamaa”, “noooo”. அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாகச் சுருக்கினால் இவை எல்லாம் அடங்கிவிடும். “ss” என்பது “s” ஆகும், “aama” என்பது “ama” ஆகும். நம் பட்டியலையும் அந்தச் சுருங்கிய வடிவத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இந்த விதி எழுத்துகளுக்கு மட்டும் பொருந்த வேண்டும். எண்களுக்கும் விட்டுவிட்டால், “11 மணிக்கு வரலாமா” என்ற எண்ணத்தில் வெறும் “11” என்று அனுப்பியவரின் பதில் “1” ஆகச் சுருங்கிவிடும். “உறுதி செய்ய 1” என்று கேட்டிருந்தோமானால், 10.30 மணிக்கு அவர் வருவதாகப் பதிவாகிவிடும்.

மரியாதைச் சொற்களையும் ஓரமாக வைக்க வேண்டும். நம்மூரில் வெறுமனே “ok” என்று எழுத மனம் வராது. “ok sir”, “சரிங்க மேடம்”, “yes doctor”, “ok thanks” என்றுதான் வரும். sir, madam, doctor, thanks, நன்றி போன்றவற்றை நீக்கிவிட்டு மிஞ்சியதை மட்டும் ஒப்பிடலாம். “no thanks” என்பதில் thanks போனபின் no மிஞ்சும், அதுவும் சரிதான். “நன்றி” மட்டும் வந்திருந்தால் எதுவும் மிஞ்சாது. அதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.

இவ்வளவையும் நிரலாக எழுதினால் ஒரு சிறிய தாளில் அடங்கிவிடும்:

```python
import re, unicodedata

YES = {"yes", "y", "s", "ya", "ok", "okay", "k", "1",
       "sari", "seri", "ama", "varen", "varom", "👍",
       "சரி", "சரிங்க", "ஆம்", "ஆமா", "ஓகே", "வரேன்", "வர்றோம்"}
NO = {"no", "n", "2", "ila", "ilai", "vendam", "cancel",
      "இல்லை", "இல்ல", "வேண்டாம்", "வரல", "வரலை"}
POLITE = {"sir", "madam", "mam", "doctor", "thanks",
          "சார்", "மேடம்", "டாக்டர்", "நன்றி"}

def clean(text):
    t = unicodedata.normalize("NFC", text).lower()
    t = re.sub("[\u200b-\u200d\ufe0f\U0001F3FB-\U0001F3FF]", "", t)
    t = re.sub(r"[.,!]+", " ", t)
    words = [w for w in t.split() if w not in POLITE]
    return re.sub(r"([a-z👍])\1+", r"\1", " ".join(words))

def read(text):
    t = clean(text)
    if t in YES: return "yes"
    if t in NO:  return "no"
    return "ask"
```

இதில் முக்கியமானது கடைசி மூன்று வரிகள். கழுவித் துடைத்த பதில் முழுவதுமாகப் பட்டியலில் உள்ள ஒன்றாக இருந்தால்தான் ஆம் அல்லது இல்லை. வேறெதுவாக இருந்தாலும் “ask”, அதாவது திரும்பக் கேள். பட்டியல்களை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், ஆனால் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் தளர்த்தத் தூண்டும் வழிகள் இரண்டு உண்டு. இரண்டும் புத்திசாலித்தனமாகத் தெரியும், இரண்டும் ஆபத்தானவை.

முதல் வழி, பதிலுக்குள் எங்காவது “ok” இருக்கிறதா என்று தேடுவது. “ok sir naalaikku varom” என்பதை இது பிடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் “not ok” என்பதையும் அது சம்மதமாக எடுத்துக்கொள்ளும். “book” என்ற சொல்லுக்குள்ளும் ok இருக்கிறது. “yesterday” என்பதற்குள் yes இருக்கிறது. மறுபக்கம் “no” என்று தேடினால் “now”, “know” இரண்டிலும் அகப்படும். முழுச் சொல்லாகத் தேடினாலும் தப்பிக்க முடியாது. “No problem, I will come” என்று எழுதியவர் வருகிறேன் என்கிறார், இந்தத் தேடலோ அவர் முன்பதிவை ரத்து செய்துவிடும். தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. நம் வினைச்சொல்லில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. வரேன், வரலை, வரமாட்டேன், வரமுடியாது எல்லாம் ‘வர’ என்றே தொடங்குகின்றன. தொடக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் நிரல் நான்கையும் ஒன்றாகவே படிக்கும்.

இரண்டாவது வழி, எழுத்துப் பிழைகளை மன்னிக்கும் ஒப்பீடு. சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் தந்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது அது. நீளமான சொற்களுக்கு, ஊர்ப் பெயர்களுக்கு, மருந்துப் பெயர்களைத் தேடுவதற்கு இது அருமையான கருவி. “ys” என்று தவறவிட்டவரை “yes” என்று புரிந்துகொள்ளவும் உதவும், தூரம் ஒன்றுதானே. ஆனால் ஆம், இல்லை என்பவை மிகக் குட்டையான சொற்கள். அங்கே ஓர் எழுத்து மாறினால் பொருளே தலைகீழாகும். “வேண்டும்”, “வேண்டாம்” இரண்டையும் யூனிகோடில் எழுதிப் பாருங்கள். எட்டுக் குறியீடுகளில் ஏழு ஒன்றேதான். டகரத்தின் மேல் உகரமா, காலா என்ற ஒரே வித்தியாசம். லெவன்ஷ்டைன் கணக்கில் இவற்றுக்கிடையே உள்ள தூரம் 1. “vendum”, “vendam” என்று ஆங்கில எழுத்தில் எழுதினாலும் அதே 1. “ys”-ஐ ஏற்பதற்காக ஓர் எழுத்துப் பிழையை மன்னித்த நிரல், வேண்டாம் என்றவரை வேண்டும் என்றவராக்கிவிடும்.

இங்கே ஒரு பழைய விதி நினைவுக்கு வருகிறது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல், 1980-ல் டி.சி.பி. நெறிமுறையின் ஆவணத்தில் ஒரு கொள்கையைப் பதிந்தார். நீ அனுப்புவதில் கறாராக இரு, பிறரிடமிருந்து ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் சாரம். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக எழுதப்பட்டது என்றாலும், மனிதரிடம் பேசும் சாட்பாட்டுக்கு அது இன்னும் பொருத்தம். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். வடிவத்தில் தாராளம் காட்டலாம், பொருளில் காட்டக் கூடாது. சம்மதத்தை இருபது விதமாக எழுத விடலாம். ஆனால் சம்மதமா இல்லையா என்று தெரியாத ஒன்றைச் சம்மதமாக ஊகிக்கக் கூடாது. இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல. சம்மதித்தவரைத் திரும்பக் கேட்டால் அவருக்குச் சற்று எரிச்சல். வரமாட்டேன் என்றவரை வருவதாகப் பதிந்தால் ஒரு மருத்துவரின் அரைமணி நேரம் வீண், அந்த நேரம் கிடைக்காமல் வலியோடு காத்திருந்தவர் ஒருவர் உண்டு. வருகிறேன் என்றவரை ரத்து செய்தால் அதைவிட மோசம்.

தெரியாதவை என்று எவற்றைச் சொல்கிறேன்? கும்பிடு எமோஜி ஒன்று. அது நன்றியாக இருக்கலாம், வணக்கமாக இருக்கலாம், ‘மன்னிச்சிடுங்க, வர முடியல’ என்பதாகவும் இருக்கலாம். இன்னொன்று “hmm”, அல்லது “ம்”. தொலைபேசியில் ஒருவர் பேசப் பேச நாம் ‘ம், ம்’ என்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு அப்பால் அதில் எந்த உடன்பாடும் இல்லை. மொழியியலாளர் விக்டர் இங்வே 1970-ல் இத்தகைய ஒலிகளைப் பேச்சின் பின்வழி என்று அடையாளம் காட்டினார். பேசுபவரின் முறையைப் பறிக்காமல், கேட்பவர் அனுப்பும் சிறு சைகை அது. “noted”, “seen” போன்றவையும் இந்த வகைதான். செய்தி வந்தது என்கிறார், வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. நீலக் குறியும் அப்படியே. படித்தார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

‘ok’ மட்டும் என்ன, அதையும் வெறும் ‘பார்த்தேன்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அதனால்தான் பதிலைப் படிக்கும் நிரலைவிடக் கேள்வியை எழுதும் விதம் முக்கியம். “நாளை 10.30 மணிக்கு உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் உள்ளது” என்று தகவலாக முடித்தால் அதற்கு வரும் ok ஒரு தலையசைப்பு. “நாளை புதன் காலை 10.30-க்கு வருகிறீர்களா?” என்று கேள்வியாக முடித்தால் அதே ok ஒரு பதில். செய்தியின் கடைசி வாக்கியம் கேள்வியாக இருக்க வேண்டும், அந்தக் கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். “வருகிறீர்களா, அல்லது வேறு நேரம் வேண்டுமா?” என்று கேட்டுவிட்டு “ஆமா” என்ற பதிலைப் பெற்றால், எதற்கு ஆமா என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்மறைக் கேள்வியும் கூடாது. “நாளை வரமாட்டீர்களா?” என்ற கேள்விக்குத் தமிழில் “ஆமா” என்றால் வரமாட்டேன் என்று பொருள், “yes” என்று ஆங்கிலத்தில் பதில் எழுதினால் அதுவும் தெளிவில்லை. “முன்பதிவை ரத்து செய்யவா?” என்பது அதைவிடக் கடினம். வருகிறேன் என்று சொல்ல நினைப்பவர் அதற்கு no என்று எழுத வேண்டியிருக்கும். அவர் பழக்கத்தில் ok என்று தட்டிவிட்டால் முன்பதிவு போய்விடும்.

பட்டன்கள் வைத்தால் இந்தப் பாடே வேண்டாமே என்று தோன்றலாம். வாட்ஸப்பின் வணிகச் சேவையில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பட்டன்கள் வரை வைக்கலாம், ஒவ்வொன்றின் தலைப்பும் 20 குறிகளுக்குள் இருக்க வேண்டும். தமிழில் எழுதும்போது இந்த 20 சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒற்றுப்புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். “வேறு நேரம் வேண்டும்” என்பது நம் கண்ணுக்கு இரண்டு இடைவெளிகளோடு 11, யூனிகோடு கணக்கில் 19. மூன்று வைக்கலாம் என்பதற்காக மூன்றும் வைக்கத் தேவையில்லை. உறுதி செய்வதற்கு “வருகிறேன்”, “வர இயலாது” என்ற இரண்டே போதும். நேரத்தை மாற்ற வேண்டுமா, முற்றிலும் ரத்தா என்பதை இரண்டாவதைத் தொட்டவரிடம் மட்டும் அடுத்ததாகக் கேட்கலாம். வரப்போகிற பெரும்பாலோர் அந்தக் கேள்வியைப் பார்க்கவே வேண்டியதில்லை. பட்டனில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதாமல் செயலையே எழுதுவது நல்லது. கேள்வியைப் படிக்காமல் பட்டனை மட்டும் பார்ப்பவருக்கும் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியும்.

பட்டனின் உண்மையான பலன் இன்னொன்று. அதைத் தொட்டால் தலைப்போடு ஓர் அடையாளக் குறியும் நிரலுக்குத் திரும்பி வரும். அதில் முன்பதிவு எண்ணையே வைத்துவிடலாம். ஒரே கைபேசி எண்ணில் அம்மாவுக்கு 10.30-க்கும் மகளுக்கு 11 மணிக்கும் முன்பதிவு இருக்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டு செய்திகள் போயின, ஒரே ஒரு “ok” வந்தது. யாருக்கு? பட்டனாக இருந்தால் `yes:4172` என்று தெளிவாக வந்திருக்கும். தட்டச்சிட்ட ok-வில் அந்த விவரம் இல்லை. குறிப்பிட்ட செய்தியை இழுத்துப் பதில் அளித்திருந்தால், எந்தச் செய்திக்கு என்ற எண் கூடவே வரும், அதைப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையென்றால் ஒரே எண்ணுக்குரிய இரண்டு முன்பதிவுகளையும் ஒரே செய்தியாக, ஒரே கேள்வியாக அனுப்புவதுதான் வழி.

ஆனால் பட்டன் வைத்தபிறகும் தட்டச்சிடுவோர் இருப்பார்கள். பட்டனைக் கவனிக்காதவர்கள், மகனுடைய போனில் அப்பாவுக்காகப் பதில் எழுதுபவர்கள், மறுநாள் காலை நினைவு வந்து “ok varen” என்பவர்கள். எனவே பட்டன் கூடுதல் வசதிதான். மேலே சொன்ன பட்டியல் அப்போதும் பின்னால் இருக்க வேண்டும். குறுஞ்செய்தியில் பட்டனே கிடையாது, இடமும் குறைவு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70. அங்கே 1, 2 என்று எண் கேட்பது சிக்கனம். இந்தியாவில் நிறுவனங்கள் ஆறெழுத்துப் பெயரிலிருந்து அனுப்பும் குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பவே முடியாது. “YES என்று பதிலளிக்கவும்” என்று அதில் எழுதுவது மூடிய கதவைத் தட்டச் சொல்வதாகும்.

குறுஞ்செய்தியில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் STOP, QUIT, END, UNSUBSCRIBE ஆகியவற்றோடு CANCEL என்ற சொல்லும் ‘இனி எனக்குச் செய்தி அனுப்பாதே’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பல சேவைகளில் அந்தச் சொல் வந்தவுடன் அந்த எண்ணுக்கு அடுத்த செய்திகள் தாமாகவே தடுக்கப்படும். “முன்பதிவை ரத்து செய்ய CANCEL என்று அனுப்பவும்” என்று அங்கே ஒரு மருத்துவமனை எழுதினால், நோயாளி சொன்னபடி செய்கிறார். அன்றோடு அவருக்கு அந்த மருத்துவமனையின் எந்த நினைவூட்டலும் வராது. ஏன் என்று இருவருக்கும் தெரியாது.

பதிலைச் சரியாகப் படித்தாகிவிட்டது என்றால் அடுத்து என்ன? “நன்றி” என்று மட்டும் சொல்லி முடித்தால் போதாது. புரிந்துகொண்டதை விவரத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும். “சரி. நாளை புதன் காலை 10.30-க்கு உங்கள் வருகையை உறுதி செய்துவிட்டோம். வர இயலாது என்றால் 2 என்று அனுப்புங்கள்.” பேசுபவர்கள் இருவரும் ஒன்றையே புரிந்துகொண்டோம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும்வரை ஓர் உரையாடலில் எதுவும் நிலைபெறுவதில்லை என்பதை உளவியலாளர்கள் ஹெர்பர்ட் கிளார்க்கும் சூசன் பிரென்னனும் 1991-ல் விரிவாக எழுதினார்கள். சாட்பாட்டில் இந்த எதிரொலி இன்னொரு வேலையும் செய்கிறது. நிரல் தவறாகப் படித்திருந்தால், அதைக் கண்டுபிடித்துத் திருத்தக் கூடிய ஒரே ஆள் அந்த நோயாளி. அவருக்கு அந்த வாய்ப்பு இந்த வரியில்தான் கிடைக்கிறது.

இந்த எதிரொலிக்குப் பிறகு ஒரு சின்ன விஷயம் நடக்கும், பல சாட்பாட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். உறுதிச் செய்தியைப் பார்த்த நோயாளி மரியாதைக்கு “ok, thanks” என்று அனுப்புவார். இப்போது எந்தக் கேள்வியும் நிலுவையில் இல்லை. நிரலோ இதையும் ஒரு பதிலாக எண்ணி “மன்னிக்கவும், புரியவில்லை” என்று சொல்லும், அல்லது இரண்டாம் முறை உறுதி செய்து அதே செய்தியை மீண்டும் அனுப்பும். நோயாளிக்குத் தன் முன்பதிவு பதிவானதா இல்லையா என்ற சந்தேகமே வந்துவிடும். செய்ய வேண்டியது எளிது. எந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பார்க்கிறோம் என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் குறித்து வைக்க வேண்டும், பதில் வந்ததும் அதை அழித்துவிட வேண்டும். கேள்வி நிலுவையில் இல்லாதபோது வரும் ok-வுக்கு மௌனமே நல்ல பதில். கேள்விக்குக் காலாவதியும் வேண்டும். புதன்கிழமை மாலையில் வரும் “yes”, அன்று காலை முடிந்துபோன முன்பதிவை உறுதி செய்யக் கூடாது.

“ask” என்று முடிந்த பதில்களை என்ன செய்வது? ஒரே ஒரு முறை, இன்னும் எளிய சொற்களில் திரும்பக் கேட்கலாம். “நாளை 10.30-க்கு வருகிறீர்களா? வருவதாக இருந்தால் 1, இல்லையென்றால் 2.” இரண்டாவது பதிலும் புரியவில்லை என்றால் மூன்றாவது முறை கேட்கக் கூடாது, வரவேற்பு மேசைக்கு அனுப்பிவிட வேண்டும். குரல் பதிவும் கேள்விக்குறியுள்ள பதில்களும் திரும்பக் கேட்காமலே நேராக மேசைக்குப் போக வேண்டியவை. “ok but 11 maniku vara mudiyuma” என்று எழுதியவர் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறார், அவரிடம் 1 அல்லது 2 என்று மட்டும் எழுதச் சொல்வது அவமதிப்பு. இந்த நீண்ட வரிகளைப் படிக்க இன்று மொழி மாதிரிகளை வைப்பவர்கள் உண்டு, அவை நன்றாகவே படிக்கின்றன. அப்படி வைத்தாலும் “yes”, “ok”, “சரி” ஆகியவற்றை முதலில் இந்தப் பட்டியல் தீர்க்கட்டும். மாதிரி சொல்லும் முடிவை நேரடியாக முன்பதிவுப் பட்டியலில் எழுதாமல், எதிரொலியாகக் கேட்டு உறுதி செய்த பிறகே எழுத வேண்டும்.

பட்டியல் என்றைக்கும் முழுமையாகாது. ஊருக்கு ஊர், வயதுக்கு வயது புதிய வடிவங்கள் வரும். வாரம் ஒருமுறை “ask” என்று போனவற்றை ஒரு மனிதர் வரிசையாகப் படிக்க வேண்டும். “hm ok”, “done”, “sure”, “கண்டிப்பா”, “confirm” என்று எவை திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றில் எவை ஐயமற்ற சம்மதம் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். தானாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டாம். சேர்க்கும்போதெல்லாம் பழைய பதில்களை மொத்தமாக மறுபடி ஓட்டி, ஏற்கெனவே சரியாக இருந்த எதுவும் புரளவில்லை என்று பார்த்துவிட வேண்டும். நல்ல சாட்பாட்டா என்று அறிய இரண்டு எண்கள் போதும். நூறு பதில்களில் எத்தனை திரும்பக் கேட்கப்பட்டன என்பது ஒன்று. உறுதி என்று பதிந்தவர்களில் வராமல் போனவர்களைப் போனில் அழைத்து, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்றவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. முதல் எண் குறைய வேண்டும், இரண்டாவது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். முதலாவதைக் குறைக்கும் ஆசையில் இரண்டாவது உயர்ந்தால், பட்டியலில் ஏதோ ஒரு சொல் அளவுக்கு மீறித் தாராளமாகிவிட்டது என்று பொருள்.

மருத்துவமனையோ சலூனோ பேருந்து நிறுவனமோ, இப்படி ஒரு சாட்பாட்டை வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் சொந்தப் போனிலிருந்து ஒரு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உறுதிக் கேள்வி வந்ததும் “Yes. ”, “S”, “okkk”, “சரிங்க சார்”, கட்டைவிரல், “ok?”, “not ok”, “no problem”, “11”, “வேண்டாம்” என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் புதிய கேள்விக்கு, அனுப்பிப் பாருங்கள். முதல் ஐந்தும் உறுதியாக வேண்டும், கடைசி ஒன்று மறுப்பாக வேண்டும், நடுவிலுள்ள நான்கும் திரும்பக் கேட்கப்பட வேண்டும் அல்லது மேசைக்குப் போக வேண்டும். “not ok” என்பதற்கு உறுதிச் செய்தி வந்தால் அந்தச் சாட்பாட்டை அப்போதே நிறுத்திவிட்டு, திருத்தி முடியும்வரை போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.